இரண்டு பெண்களின் நட்பே முதுகெலும்பான நாவல்: பதினோராம் அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன்

கோத்தகிரி மீனா

வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. ராசாத்தி, சரோஜா என்று இரண்டு பேர். ராசாத்தியின் குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, 1974இல் மலைக்கு வருகிறார்கள். அப்போது அவளுக்கு பத்து வயது. சரோஜா பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பிறந்த பெண். வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு, ஆனால் அப்பாவின் கடனால் அவளும் தோட்டத்தில் கூலிக்குக் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு பேரின் நிரையும் பக்கத்துப் பக்கத்து நிரை. அங்கேதான் பழக்கம்.

ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தேன். இது காதல் கதையும் இல்லை, குடும்பக் கதையும் இல்லை. இவர்கள் இரண்டு பேரின் நட்புதான் கதை. பத்து அத்தியாயம் வரை அப்படித்தான் போனது. பத்தாவதில் சரோஜாவுக்குக் கல்யாணம். பதினொன்றிலிருந்து நாவல் என் கையை விட்டுப் போய்விட்டது. கணவன், மாமியார், பாகம் பிரிக்கும் சண்டை என்று எண்பது பக்கம் ஓடியிருக்கிறது. அந்த எண்பது பக்கத்தில் ராசாத்தி நான்கு தடவை வருகிறாள். நான்கு தடவையும் ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள். போன வாரம் மொத்தமாகப் படித்துப் பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது.

கல்யாணத்தை எடுத்துவிடவும் மனசில்லை. ஹட்டியில் பிறந்த பெண் எண்பதுகளில் கல்யாணம் ஆகாமல் இருந்தாள் என்றால் அதுவே வேறு நாவலாகிவிடும். இதை எப்படிச் சரி செய்வது?

குன்னூர் சரவணன்

எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழிதான். ஆண்களை வெளியே நிறுத்துங்கள். கணவனுக்குப் பெயர்கூட வேண்டாம், "வீட்டுக்காரர்" என்று சொன்னால் போதும். 1985இல் அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் பெண் தன் படக்கதையில் ஒரு விதி சொன்னார்: கதையில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஒரு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அவர் சினிமாவுக்குச் சொன்னது, நாவலுக்கும் பொருந்தும். உங்கள் எண்பது பக்கத்தையும் எடுத்து வைத்து, இருவரும் பேசும் இடங்களில் எத்தனை வரி கணவனைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அதையெல்லாம் வெட்டினால் நட்பு தானாக மேலே வரும்.

மலைப்பாதை

நல்ல முயற்சி. பெண்களுக்கு இடையிலான காதலைத் துணிச்சலாக எழுத இங்கே ஆளில்லை. ராசாத்தி தன் காதலைச் சரோஜாவிடம் எப்போது சொல்கிறாள்? கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னால் நன்றாக இருக்கும்.

கோத்தகிரி மீனா

மலைப்பாதை, நான் கேட்டது அது இல்லை. காதலிக்கிறார்கள் என்று நான் நினைத்து எழுதவில்லை. இரண்டு பெண்கள் நெருக்கமாக இருந்தாலே அது காதலாகத்தான் இருக்க வேண்டுமா?

சரவணன் சார், நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். இருவரும் பேசும் வரிகளில் பாதிக்கு மேல் கணவனைப் பற்றியதுதான். அதையெல்லாம் வெட்டியும் பார்த்தேன். மிச்சம் இருந்தது: மழை வருது, டீ குடிச்சியா, பிள்ளைக்குக் காய்ச்சல். கணவன் போனான், நட்பு வந்து சேரவில்லை.

பழைய நூலகர், ஊட்டி

மீனா, நீங்கள் சொன்னதில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "நான்கு தடவையும் ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள்." இந்த நோய் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நம் மொழிக்கே பழைய நோய்.

அகப்பாட்டில் தோழியைப் பாருங்கள். எத்தனை எத்தனை பாட்டு அவள் வாயிலிருந்து வருகிறது! தலைவனைத் திட்டுகிறாள், வரும் வழி ஆபத்தானது என்கிறாள், கடைசியில் செவிலியிடம் உண்மையை உடைத்துக் கல்யாணத்துக்கு வழி செய்கிறாள். பேச்சுத் திறமை எல்லாம் அவளுக்குத்தான். ஆனால் அவளுக்கென்று ஒரு ஆசை, ஒரு கோபம், ஒரு நாள் உண்டா? தொல்காப்பியம் அவள் யார் என்று சொல்லும்போதுகூட "தோழி தானே செவிலி மகளே" என்கிறது. இன்னாரின் மகள், அவ்வளவுதான். தலைவிக்கும் பெயர் கிடையாதே என்பீர்கள். உண்மை. ஆனால் தலைவிக்குக் கதை இருக்கிறது, தோழிக்கு வேலைதான் இருக்கிறது. உங்கள் ராசாத்தி பத்து அத்தியாயம் கதையாக இருந்தவள், பதினொன்றில் வேலைக்குப் போய்விட்டாள்.

இன்னொரு இடம் சொல்கிறேன், அது இன்னும் கிட்டத்தில் வருகிறது. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை. கோவலன் மாதவியோடு இருக்கிறான், கண்ணகி தனியாக இருக்கிறாள். தேவந்தி வருகிறாள். தேவந்தியையும் கணவன் விட்டுப் போயிருக்கிறான். எட்டு வருடம் கூட வாழ்ந்துவிட்டு, தன் தெய்வ உருவத்தைக் காட்டி, கோவிலுக்கு வந்துபோ என்று சொல்லிவிட்டு மறைந்தவன். அந்த வீட்டில் அப்போது உட்கார்ந்திருப்பது கைவிடப்பட்ட இரண்டு பெண்கள். கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். காவியத்தில் பின்னால் நடக்கப்போவதெல்லாம் முதலில் ஒரு தோழியின் காதில்தான் விழுகிறது. தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் கிடைப்பான் என்கிறாள். கண்ணகி இரண்டே சொல்லில் மறுக்கிறாள்: "பீடு அன்று". அது நமக்குப் பெருமை இல்லை என்று.

அடுத்து அந்த இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம், அப்படிச் செய்வது பெருமை இல்லை என்று இன்னொருத்தி சொல்லிவிட்டாள். தேவந்திக்குச் சுருக்கென்று தைத்திருக்காதா? அங்கேதான் நட்பின் கதை தொடங்க வேண்டும். ஆனால் அதே மூச்சில் ஒரு பணிப்பெண் வந்து கோவலன் வாசலில் நிற்கிறான் என்கிறாள். பேச்சு அறுந்தது. கண்ணகி எழுந்து போகிறாள், சிலம்பைக் கொடுக்கிறாள், மதுரைக்குப் புறப்படுகிறாள். தேவந்தி என்ன ஆனாள் என்று கேட்க அந்த இடத்தில் யாருமில்லை.

சரவணன், உங்கள் விதியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் பேசியது முழுக்க கணவன்மாரைப் பற்றித்தான், விதிப்படி தோல்வி. ஆனால் "பீடு அன்று" என்பது கோவலனுக்குச் சொன்னது இல்லை, தேவந்திக்குச் சொன்னது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. அந்தப் பேச்சால் யாருக்கும் யாருக்கும் இடையில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மீனா வெட்டிவிட்டுப் பார்த்தபோது மிச்சம் வெறும் மழையும் டீயுமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

குன்னூர் சரவணன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலில் வந்து தட்டுகிறவனை என்ன செய்வது? அவன் வந்தால் கதை அவன் பின்னால் போகத்தானே செய்யும்?

கொடைக்கானல் மலர்

நான் எழுத்தாளர் எல்லாம் இல்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். ஊரில் ஒரே தெருவில் வளர்ந்தோம், ஒரே ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகி பழனிக்குப் போனேன். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. முதல் வருடம் ஐந்து கடிதம், அடுத்த வருடம் இரண்டு, அப்புறம் இல்லை. பதினான்கு வருடம் கழித்து ஏரிப் பக்கம் மக்காச்சோளம் சுட்டு விற்கிற இடத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கியா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். அவள் கையில் சோளம் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் அக்கா இறந்தபோது ஊரே வந்து அழுதது. இவளை இழந்ததற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. யாருக்கும் தெரியாது, எனக்கே அது நடந்த தேதி தெரியாது. இதையெல்லாம் நாவலில் எழுத முடியுமா? எதுவுமே நடக்கவில்லையே.

பழைய நூலகர், ஊட்டி

மலர் அம்மா, நீங்கள் எழுத்தாளர் இல்லை என்று சொல்லிவிட்டுச் சிக்கலின் வேரைத் தோண்டிப் போட்டுவிட்டீர்கள். காதலுக்கும் கல்யாணத்துக்கும் ஊர் தேதி குறித்துக் கொடுக்கிறது. நிச்சயம், தாலி, வளைகாப்பு, பிரிந்தால் பஞ்சாயத்து, செத்தால் பதினாறாம் நாள். நாவல் எழுதுகிறவருக்கு இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற அத்தியாயங்கள். நட்புக்கு அப்படி ஒரு சடங்கும் இல்லை. அதனால் எழுதுகிறவர் களைத்த இடத்தில், கதை தன்னாலே சடங்கு இருக்கிற பக்கம் சரிகிறது. மீனாவின் பதினோராம் அத்தியாயத்தில் நடந்தது அதுதான். நட்புக்கான தேதிகளை எழுதுகிறவரே உண்டாக்கியாக வேண்டும்.

சரவணன் கேட்டதற்கு வருகிறேன். வாசலில் வருகிறவனைத் தடுக்க வேண்டாம். எங்கே நின்று பார்ப்பது என்பதை மாற்றலாம். இத்தாலிய எழுத்தாளர் எலனா ஃபெரான்டே நேப்பிள்ஸ் நகரத்தில் வளரும் எலனா, லீலா என்ற இரண்டு பெண்களைப் பற்றி நான்கு பாகம் எழுதினார், 2011க்கும் 2014க்கும் இடையில் வந்தவை. அதில் கல்யாணம், பிள்ளை, கள்ளத் தொடர்பு, அடிதடி எல்லாம் உண்டு, ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் பாகம் லீலாவின் கல்யாணத்தில் முடிகிறது. அவளுக்குப் பதினாறு வயது. கல்யாணத்தன்று காலையில் எலனாதான் அவளைக் குளிப்பாட்டுகிறாள். கதை சொல்வதும் எலனாதான். மாப்பிள்ளை என்ன நினைத்தான் என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. சோப்புப் போடுகிற கைக்கு என்ன தோன்றுகிறது என்பதுதான் காட்சி. அந்தக் குளியலறையில்தான் லீலா இவளைப் பார்த்து, நீதான் என் புத்திசாலித் தோழி என்கிறாள். அதுவரை அந்தப் பட்டம் லீலாவுக்கு உரியது என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தன் பள்ளிப் படிப்பு நின்றுபோனவள் படித்துக்கொண்டிருப்பவளிடம் சொல்கிறாள். கல்யாணம் பின்னால் போய்விடுகிறது, இவர்களுக்கு இடையில் இருக்கிற போட்டியும் கடனும் முன்னால் வந்துவிடுகின்றன.

உங்கள் பத்தாம் அத்தியாயத்தில் சரோஜாவின் கல்யாணம் யார் கண்ணில் நடக்கிறது?

கோத்தகிரி மீனா

சரோஜாவின் கண்ணில். ராசாத்தி பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். ஒரு வரி.

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஹட்டியில் நடக்கிற கல்யாணத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த சிலோன்காரப் பெண் எங்கே உட்காருவாள், சாப்பிட எப்போது கூப்பிடுவார்கள், முதல் பந்தியா கடைசிப் பந்தியா, இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

குன்னூர் சரவணன்

நான் வேறு ஒரு இடத்துக்கு வருகிறேன். நட்பு உடைந்தால்தான் நாவல் நிற்கும். இரண்டு பெண்களின் நட்பு உடைய ஒரு ஆண் வேண்டும். டோனி மாரிசனின் 'சூலா'வைப் பாருங்கள், 1973இல் வந்தது. நெல் என்பவளின் கணவனோடு சூலா படுத்துவிடுகிறாள், அதில்தான் எல்லாம் முடிகிறது. உங்கள் சரோஜாவின் வீட்டுக்காரருக்கு ராசாத்தி மேல் கண் என்று வைத்தால் எண்பது பக்கமும் தானாக உயிர் பெறும்.

பழைய நூலகர், ஊட்டி

நாவலின் பெயரைச் சரியாகச் சொன்னீர்கள், அது முடிகிற இடத்தைத் தப்பாகச் சொன்னீர்கள். கணவன் ஜூட் போனதோடு அது முடியவில்லை. சூலா செத்துப் பல வருடம் கழித்து, இடுகாட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் நெல்லுக்கு உறைக்கிறது: இத்தனை காலமும் தான் ஏங்கியது ஜூடுக்காக இல்லை, சூலாவுக்காக. உடைத்தது ஆண்தான், ஆனால் இழப்பு அவன் இல்லை. மலர் அம்மா சொன்ன, துக்கம் விசாரிக்க யாரும் வராத சாவு அதுதான்.

மாரிசனுக்கு அது கைகூடியது. மீனாவுக்கு அதே வழி வேண்டாம் என்பது என் எண்ணம். கணவன் கண் வைத்தான் என்று எழுதினால், தமிழ் வாசகர் பழக்க தோஷத்தில் யார் பத்தினி என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். தவிர, உடைவதற்கான காரணம் மீனாவின் கதைக்குள்ளேயே கிடக்கிறது. ஒருத்திக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. இன்னொருத்திக்கு நிலமே இல்லை.

மலைப்பாதை

நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். நூலகர் ஐயா சொன்ன இரண்டு நாவலிலும் அந்த நெருக்கத்துக்கு ஒரு உடல் இருக்கிறது. குளிப்பாட்டுகிற காட்சியை நட்பு என்று மட்டும் பெயர் வைத்து மூடிவிட முடியுமா? நாவலாசிரியர் வேண்டாம் என்றாலும் படிக்கிறவர் அதைப் படிப்பார்.

கோத்தகிரி மீனா

படிக்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் ராசாத்தி அதற்கு ஒரு பெயர் வைக்க மாட்டாள். நானும் வைக்கப் போவதில்லை.

நூலகர் ஐயா சொன்ன ஒன்றரை ஏக்கர் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. முதல் பாகத்தில் ஒரு சின்னக் காட்சி எழுதியிருந்தேன், அது முக்கியம் என்று அப்போது தெரியவில்லை. சுருக்கமாகப் போடுகிறேன்:

"சரோஜாவுக்குக் கை வேகம் போதாது. விரல் நுனியில் கிள்ளாமல் மொத்தமாகப் பிடித்து இழுப்பாள், முற்றின இலையும் சேர்ந்து வரும். ராசாத்தி இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, பார்க்காமலே தோளுக்கு மேலே கூடையில் போடுவாள். நிரையின் முனையில், எடை போடுகிற இடத்துக்கு இறங்குவதற்கு முன்னால், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி சரோஜாவின் கூடையில் போட்டாள். 'எதுக்குடி?' என்றாள் சரோஜா. 'என் முதுகு வலிக்குது' என்றாள் ராசாத்தி."

முன்னாள் கணக்கப்பிள்ளை

நாவல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் எடை போட்டவன். நீங்கள் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. இரண்டு கை அள்ளிப் போட்டால் யாருக்கும் தெரியாது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். தெரியும்.

யார் எவ்வளவு எடுப்பார்கள் என்பது ஒரு மாதத்தில் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். தவிர, கொழுந்தைக் கொட்டும்போது பார்த்தாலே போதும். கிள்ளின கை வேறு, இழுத்த கை வேறு. அடியில் முற்றின இலையும் மேலே மட்டும் பிஞ்சுக் கொழுந்துமாக இருந்தால் அது இரண்டு பேர் கூடை. அப்புறம், இரண்டு கை போட்டால் எடையில் பெரிதாக ஒன்றும் ஏறாது. அரைக் கிலோ ஏறினால் அதிகம். அன்றைய அளவுக்கு நூல் இழையில் குறைகிறவளுக்குத்தான் அதனால் பிரயோஜனம். மழை நாளில் ஈரத்துக்கென்று வேறு கழிப்போம், அன்றைக்கு இரண்டு கை எல்லாம் எங்கே போகும்?

பெண்கள் இதைச் செய்வது உண்டு. பிள்ளை பெற்று வந்தவளுக்கு, காய்ச்சல்காரிக்கு. நாங்கள் பார்த்தும் பார்க்காமல் இருப்போம். எல்லா நாளும் இல்லை.

கோத்தகிரி மீனா

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் அது வெறும் அன்பு இல்லை, நோட்டில் ஏறுகிற திருட்டு. ராசாத்தி தன் கூலியில் இருந்து கொடுத்ததும் ஆகிறது, இருவரையும் மாட்டிவிடக்கூடிய காரியமும் ஆகிறது.

பழைய நூலகர், ஊட்டி

இதுதான் தேதி, மீனா! நீங்கள் தேடிக்கொண்டிருந்தது இந்த இரண்டு கைக் கொழுந்துதான்.

இதை இப்படி நீட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு சரோஜா புகுந்த வீட்டில் நிலம் இருக்கிறது. இப்போது அவள் கூலி கொடுக்கிற பக்கம். ராசாத்தி அவள் தோட்டத்திலேயே நாள் கூலிக்கு வருகிறாள். எடை போடுவது சரோஜா. வெளியில் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி பணத்தை எண்ணுகிறாள், ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். எண்ணிக் கொடுக்கும்போது கண்ணைப் பார்ப்பாளா? கூட ஐந்து ரூபாய் வைத்தால் அது இரண்டு கைக் கொழுந்துக்குக் கைம்மாறா, தர்மமா? அதைத் திருப்பிக் கொடுத்தால் கோபமா?

தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததை இங்கே இருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று கொழுந்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. அப்போது சரோஜா ஆறு வாரக் கூலி பாக்கி வைக்கிறாள். கேட்டால் நட்பு போகும், கேட்காவிட்டால் அடுப்பு எரியாது. கேட்க வேண்டியவள் ராசாத்தி. அவள் கேட்கவில்லை, வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். சரோஜாவுக்கு அது துரோகம். ராசாத்திக்கு அது, கேட்டு அவமானப்படுத்தாமல் விலகிய பெருந்தன்மை. இரண்டு பேரும் சரி. கணவன், மாமியார், பாகப் பிரிவினை எல்லாம் இருக்கட்டும், ஆனால் அவை இந்தப் பாக்கிக்குக் காரணமாகவோ விளைவாகவோ மட்டும் வரட்டும்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் எடுத்து, அதில் மற்றவள் இல்லை என்று நினைத்துப் பாருங்கள். அத்தியாயம் அப்படியே நின்றால் அது உங்கள் நாவலில் இருக்கத் தேவையில்லை. பாகப் பிரிவினைச் சண்டை ராசாத்தி இல்லாமலும் நிற்கும். ஆனால் பிரித்து வந்த பங்கில் ராசாத்தி கூலிக்கு எடுக்கிற நிரையும் இருக்கிறது என்றால் நிற்காது.

குன்னூர் சரவணன்

இது நன்றாக இருக்கிறது. என் கண் வைக்கிற கணவனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முடிவு? கடைசியில் சேர்கிறார்களா இல்லையா? மலர் மேடம் மாதிரி சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார். ஆறு வாரக் கூலியை வட்டியோடு கொண்டுவந்து கொடுத்து அழுவது மாதிரி ஒரு இடம் வேண்டும்.

கொடைக்கானல் மலர்

நான் எறிய மாட்டேன். அவள் வட்டியோடு வந்து கொடுத்தால்தான் எறிவேன். கணக்குத் தீர்ந்துவிட்டால் அப்புறம் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது? என் ஸ்வெட்டர் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

பழைய நூலகர், ஊட்டி

நான் சரவணன் பக்கமும் இல்லை, முழுக்க மலர் அம்மா பக்கமும் இல்லை. தேவந்தியை நடுவில் விட்டுவிட்டு வந்தேன் அல்லவா? அவள் கதை அங்கே முடியவில்லை. மதுரை எரிந்து எல்லாம் முடிந்த பிறகு, கண்ணகிக்கு வஞ்சியில் கோவில் எடுத்தபோது அங்கே போய்ச் சேர்கிறாள். தெய்வமாகிவிட்ட சிநேகிதியின் முன்னால் நின்று புலம்புகிறாள். செங்குட்டுவன் அந்தக் கோவிலின் பூசையை அவளிடமே ஒப்படைக்கிறான். பெற்ற தாயும் மாமியாரும் அதற்குள் இறந்துபோயிருக்கிறார்கள். கூடப் பிறக்காத ஒருத்திதான் தினம் பூ வைக்கிறாள். "பீடு அன்று" என்று தன் வழிபாட்டை மறுத்தவளை, கடைசியில் அவள் வழிபடுகிறாள். இதை இளங்கோ திட்டம் போட்டுச் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. என் வாசிப்பில் அது சமாதானமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. மீனா அதை அப்படியே எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. முடிவு சரோஜாவும் ராசாத்தியும் கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு வெளியேயும் இருக்கலாம் என்கிறேன்.

குன்னூர் சரவணன்

ஒருத்தி செத்தால்தான் முடியும் என்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை ஐயா.

பழைய நூலகர், ஊட்டி

அப்படிச் சொல்லவில்லை. சரி, எனக்கும் அந்த முடிவில் முழுத் திருப்தி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு இருக்கும்போது அவர்கள் பேசி முடிக்கவில்லையே.

கோத்தகிரி மீனா

முடிவை இப்போது தொட மாட்டேன். எண்பது பக்கத்தில் ஐம்பத்தெட்டு பக்கம் வெளியே போய்விட்டது. பத்தாம் அத்தியாயத்தை ராசாத்தியின் கண்ணில் திரும்ப எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பந்தியில் உட்கார வைத்தேன். ரசம் தீர்ந்துவிட்டது, வெந்நீர் கலந்து நீட்டியிருக்கிறார்கள். அதைக் குடித்துக்கொண்டே மணமகள் பக்கம் பார்க்கிறாள். அங்கிருந்து நன்றாகவே நகர்கிறது.

கணக்கப்பிள்ளை ஐயா, ஒரே ஒரு கேள்வி. எடை எழுதுகிற நோட்டு எப்படி இருக்கும்? மழையில் என்ன செய்வீர்கள்?

முன்னாள் கணக்கப்பிள்ளை

எங்கள் தோட்டத்தில் நீள நோட்டு, மேலே பிளாஸ்டிக் காகிதம் போட்டுப் பிடித்துக்கொள்வோம். மலையில் பேனாவால் எழுதுவதில்லை, நனைந்தால் மை ஓடிவிடும். பென்சில்தான். சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து பெரிய நோட்டில் மையால் ஏற்றுவோம்.

கோத்தகிரி மீனா

அப்படியானால் பென்சிலுக்கும் மைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அழித்து எழுதியது உண்டா ஐயா?

முன்னாள் கணக்கப்பிள்ளை

அதை இங்கே எழுத மாட்டேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி சந்தைக்கு வருவேன். டீ வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன்.